மூன்று தீயணைப்பான்கள், ஒரு புகைப்படம்: எதை எங்கே மாட்டுவது?

1. வடைக்கடைக்காரன் (கோண்டாவில்)

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் அடுத்த மாதம் ஒரு சிறிய வடை, றோல்ஸ் கடை திறக்க இருக்கிறேன். குசினியில் எரிவாயு அடுப்பின் மேல் இரண்டு எண்ணெய்த் தாச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 லீற்றர் எண்ணெய் கொள்ளும். மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறிய அறையில் மின்னிணைப்புப் பெட்டியும் இன்வேட்டரும் இருக்கின்றன. மூடப்பட்ட ஒரு வியாபார நிலையத்தின் பொருள்களை விற்றபோது, அவற்றோடு மூன்று தீயணைப்பான்களையும் வாங்கிவிட்டேன். எது எதற்கு உரியது என்று விற்றவருக்கே தெரியவில்லை.

நேற்று இரவு மூன்றையும் சுவரோரம் நிறுத்தி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். மூன்றின் உடலும் சிவப்பு. இடப்பக்கம் உள்ளதில் நீலப் பட்டியும் ரப்பர்க் குழாயும் கழுத்தில் சிறிய அமுக்கமானியும் இருக்கின்றன. நடுவில் உள்ளதில் கறுப்புப் பட்டி. அதன் வாய் கறுப்புப் புனல் போல விரிந்திருக்கிறது, அமுக்கமானி இல்லை. வலப்பக்கம் உள்ளதில் மஞ்சள் பட்டி, குழாய், அமுக்கமானி. மஞ்சள் பட்டி சமையல் எண்ணெய்க்கு உரியது என்று எங்கோ வாசித்த ஞாபகம். ஆகவே மஞ்சளைத் தாச்சிகளுக்கு அருகிலும், கறுப்பை மின்னிணைப்புப் பெட்டிக்கு அருகிலும், நீலத்தை வாசலிலும் மாட்டலாம் என்று நினைக்கிறேன். இது சரியா?

2. பழைய ஆய்வுகூடம் (மானிப்பாய்)

தம்பி, நான் முப்பது ஆண்டுகள் பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன். எங்கள் காலத்தில் பட்டியெல்லாம் கிடையாது. உடல் முழுவதும் ஒரே நிறம். நீல உடல் என்றால் தூள், கறுப்பு உடல் என்றால் காபனீரொட்சைட்டு, பாலேட்டு நிறம் என்றால் நுரை, சிவப்பு என்றால் தண்ணீர். உங்கள் மூன்றும் சிவப்பாக இருப்பதால் மூன்றும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். எண்ணெய்க்குப் பக்கத்தில் அவற்றைக் கொண்டு போகவே வேண்டாம்.

3. தென்திசையான் (சிட்னி)

ஆய்வுகூட ஐயா சொல்வது பழைய முறை. இப்போது உடல் சிவப்பாகத்தான் இருக்கும், பட்டிதான் முக்கியம். நான் இங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறேன். ஆண்டுதோறும் எங்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி தருகிறார்கள். கறுப்புப் பட்டி காபனீரொட்சைட்டு. அதில் சந்தேகம் இல்லை. நீலப் பட்டி நுரை. தூள் என்றால் பட்டி வெள்ளையாக இருக்கும். மஞ்சள் என்பது கணினி அறைகளில் வைக்கும் ஆவியாகும் திரவம். சமையல் எண்ணெய்க்கு உரியதன் பட்டி ஓட்ஸ் மாவின் நிறத்தில் இருக்கும். அது உங்கள் படத்தில் இல்லை. எரியும் திரவத்துக்கு நுரை நல்லது என்பதால் நீலத்தைத் தாச்சிக்கு அருகில் மாட்டுங்கள். மஞ்சளை இன்வேட்டர் அறையில் வையுங்கள்.

4. சிவப்புக்குழல் (சுன்னாகம்)

கடைக்காரரே, இப்போதைக்கு எதையும் எங்கும் மாட்டாதீர்கள். நான் பதினாறு ஆண்டுகள் கட்டார் நாட்டில் ஹோட்டல்களின் தீயணைப்புச் சாதனங்களைப் பராமரித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். மேலே எழுதிய இருவரும் தாங்கள் கண்டதைச் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் வேறு காலத்தையும் மற்றவர் வேறு நாட்டையும் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆய்வுகூட ஐயா சொன்னது பிரித்தானியப் பழைய முறை. 1997 இல் EN 3 என்ற ஐரோப்பிய நியமம் அங்கே நடைமுறைக்கு வந்த பின்னர், உள்ளே எது இருந்தாலும் உடல் சிவப்பாகவே இருக்க வேண்டும் என்றாயிற்று. பழைய நிறங்கள் ஒரு சிறு பட்டிக்குள் ஒதுங்கின. ஆகவே இன்று சிவப்பு உடலைப் பார்த்து உள்ளே தண்ணீர் என்று முடிவு செய்ய முடியாது.

தென்திசையான் சொன்னது அவுஸ்திரேலிய முறை. இதில்தான் ஆபத்து இருக்கிறது. பிரித்தானிய முறையில் நீலப் பட்டி தூளைக் குறிக்கும்; அவுஸ்திரேலியாவில் அதே நீலம் நுரையைக் குறிக்கும். பிரித்தானிய முறையில் மஞ்சள் என்பது சமையல் எண்ணெய்க்கான ஈர இரசாயனம். அங்கே மஞ்சள் வேறொன்று. இரண்டு முறைகளிலும் மாறாத பட்டி கறுப்பு மட்டுமே. இலங்கையில் நம் கண்ணில் படும் தீயணைப்பான்களிற் பெரும்பாலானவை பிரித்தானிய நிறங்களைப் பின்பற்றுகின்றன. ஆனால் பழைய பொருள் எந்த வழியால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே பட்டியைப் பார்த்து ஓர் ஊகம் செய்யலாம்; முடிவை லேபலை வாசித்த பிறகே எடுக்க வேண்டும்.

உங்கள் படத்தில் எனக்கு மிகவும் சந்தேகம் தருவது அந்த மஞ்சள்தான். ஈர இரசாயனத் தீயணைப்பானின் குழாய் நுனியில், கை எட்டாத தூரத்திலிருந்து எண்ணெய் மேல் மெதுவாகத் தூவுவதற்காக, ஒரு முழம் நீளமான உலோகத் தண்டு இருக்கும். உங்களுடையதில் குழாயின் முனை விரல் நீளம்கூட இல்லை. அதோடு, படம் இரவில் மஞ்சள் மின்குமிழின் கீழ் எடுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் உள்ள சுவரும் மஞ்சளாகவே தெரிகிறது. சுவரின் உண்மையான நிறம் என்ன? அது வெள்ளைச் சுவர் என்றால், அந்தப் பட்டியும் மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நாளை பகலில், வெயில் நேரே படாத விறாந்தையில் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு மறுபடி படம் எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் பட்டியின் நிறத்தை நம்பலாம். பிறகு லேபலை நெருக்கமாக எடுங்கள். கொள்ளளவு, சிறு சதுரங்களுக்குள் இருக்கும் தீப் படக்குறிகள், எண்ணும் எழுத்தும் சேர்ந்த குறியீடு, மின்சாரம் பற்றிய எச்சரிக்கை வாக்கியம் ஆகிய நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

5. வடைக்கடைக்காரன்

மிக்க நன்றி அண்ணா. சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுதான். இன்று காலை விறாந்தையில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் பார்த்தபோது, நான் மஞ்சள் என்று நினைத்தது மஞ்சளே அல்ல; காய்ச்சிய பாலின் ஆடை நிறம். அதன் லேபலில் 6 லீற்றர் என்றும், அதன் கீழே AFFF என்றும், 13A 113B என்றும் இருக்கிறது. இரண்டு படக்குறிகள்தான் உண்டு: எரியும் விறகு ஒன்று, எரியும் எரிபொருள் கலன் மற்றொன்று.

நீலப் பட்டியில் 6 கிலோ, ABC என்றும், 21A 113B C என்றும் இருக்கிறது. கறுப்புப் பட்டியில் 2 கிலோ, CO2, 34B. இதற்கு அமுக்கமானியே இல்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. விற்றவர் கழற்றி எடுத்துவிட்டாரா?

6. பனிநிலத்தான் (ரொறன்ரோ)

எண்களையும் எழுத்துகளையும் பார்த்தால் விடயம் எளிது. இங்கே C என்பது மின்சாரத் தீயைக் குறிக்கும். நீலப் பட்டியில் C இருப்பதால் அதுதான் இன்வேட்டர் அறைக்கு உரியது. கறுப்புப் பட்டியில் B மட்டும் இருக்கிறது. C இல்லாததால் அதை மின்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சமையல் எண்ணெய்க்கான எழுத்து K. அது மூன்றிலும் இல்லை.

7. சிவப்புக்குழல்

பனிநிலத்தான் லேபலை வாசிக்கச் சொல்வது சரி. ஆனால் அவர் வட அமெரிக்க எழுத்துகளை ஐரோப்பிய லேபலில் பொருத்திப் பார்க்கிறார். அங்கே C மின்சாரம். இங்கே C எரிவாயு. ஐரோப்பிய முறையில் மின்சாரத்துக்கு எழுத்தே கிடையாது, ஏனென்றால் மின்சாரம் எரிவதில்லை. அது தீயை மூட்டிவிடுகிறது, அணைப்பவரைத் தாக்கவும் செய்கிறது. ஆகவே அது லேபலில் ஒரு வாக்கியமாகவே வரும்: 1000 வோல்ற்று வரை, 1 மீற்றர் தூரத்திலிருந்து பயன்படுத்தலாம் என்றோ, மின்னோட்டம் உள்ள கருவிகளில் பயன்படுத்தாதீர்கள் என்றோ இருக்கும். சமையல் எண்ணெய்க்கு அங்கே K, இங்கே F. அந்த எழுத்து மூன்றிலும் இல்லை என்று அவர் சொன்னதுதான் இந்த இழையின் மிக முக்கியமான செய்தி.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வலப்பக்கம் உள்ளது நுரை. AFFF என்பது எரிபொருளின் மேல் மெல்லிய நீர்ப் படலமாகப் பரவும் நுரைக் கரைசலின் பெயர். 13A என்றால், பரிசோதனையில் 1.3 மீற்றர் நீளமான விறகு அடுக்கு ஒன்றின் தீயை அது அணைத்திருக்கிறது. 113B என்றால், 113 லீற்றர் திரவம் ஊற்றிய தட்டில் எரிந்த தீயை அணைத்திருக்கிறது. விறகு, கடதாசி, துணி, பெற்றோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்கு இது நல்ல கருவி. எரியும் எண்ணெய்த் தாச்சிக்கு இதைப் பயன்படுத்தினால் விபரீதம் நடக்கும். நுரையின் பெரும்பகுதி தண்ணீர். எரியும் எண்ணெய்க்குள் இறங்கும் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி ஏறக்குறைய 1700 மடங்கு விரியும்; அது தாச்சியில் உள்ள எண்ணெயைத் தீயோடு சேர்த்துக் கூரை வரை தூக்கி எறியும். உங்கள் முதல் திட்டத்தின்படி தாச்சிக்கு அருகில் தொங்கியிருக்கப் போவது இதுதான். ஒரு மஞ்சள் மின்குமிழ் செய்யக் கூடிய வேலையைப் பாருங்கள்.

நடுவில் உள்ளது காபனீரொட்சைட்டு. அமுக்கமானியை யாரும் கழற்றவில்லை. இந்த வகைக்கு அமுக்கமானி பொருத்துவதே இல்லை. சிலிண்டருக்குள் அது பாதி திரவம், பாதி வாயுவாக இருக்கிறது. திரவம் கொஞ்சம் எஞ்சியிருக்கும் வரை அமுக்கம் குறையாது என்பதால், முள் இருந்தாலும் அது ஒன்றையும் சொல்லாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைத் தராசுதான் சொல்லும். லேபலில் நிரப்பிய மொத்த எடை இருக்கும்; அரிசி நிறுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள். 2 கிலோ வாயுவில் 200 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். மின்னிணைப்புப் பெட்டிக்கு இதுவே பொருத்தம், ஏனென்றால் இது மின்சாரத்தைக் கடத்தாது, எதையும் நனைக்காது, மிச்சமும் வைக்காது. 34B என்பது திரவத் தீயைப் பற்றிய அளவு மட்டுமே. மின்சாரம் பற்றி அந்த வாக்கியத்தைத் தேடுங்கள். பயன்படுத்தும்போது புனலை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். தோல் உறைந்து புண்ணாகிவிடும்.

இடப்பக்கம் உள்ளது தூள். விறகு, திரவம், எரிவாயு மூன்றுக்கும் அது பொருந்தும். எண்ணெய்த் தாச்சியின் சுவாலையை அது ஒரு கணம் அடக்கவும் கூடும். ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காததால் தீ மறுபடி பிடிக்கும். அதைவிட, அது பீறிட்டு வரும் வேகத்தில் எண்ணெய் தெறிக்கும்.

8. அச்சுக்கூடத்தாள் (கொக்குவில்)

இடையில் என் அனுபவத்தையும் கேள்வியையும் சேர்க்கிறேன், மன்னிக்கவும். எங்கள் அச்சகத்தில் கறுப்புப் பட்டி உள்ள 5 கிலோத் தீயணைப்பான் ஒன்றுதான் இருக்கிறது, இயந்திரங்கள் பழுதாகாது என்பதற்காக. சென்ற ஆண்டு கழிவுக் கடதாசி மூட்டையில் தீப்பிடித்தது. பையன் உடனே அதை அடித்தான்; சுவாலை அணைந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். கால் மணித்தியாலத்தில் அதே மூட்டை மறுபடி எரிந்தது. சிலிண்டரில் மிச்சம் இல்லை. கிணற்றுத் தண்ணீர் வாளியால்தான் அணைத்தோம். சிலிண்டர் போலியானது என்று விற்ற இடத்தில் சண்டை பிடித்துவிட்டேன். அது நியாயமா?

9. சிவப்புக்குழல்

சகோதரி, சண்டை நியாயமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்த லேபலை இப்போது பாருங்கள். A என்ற எழுத்து இருக்காது. காபனீரொட்சைட்டு காற்றை விலக்கி வைக்கிறது, அவ்வளவுதான். கடதாசி மூட்டையின் உட்பகுதியில் தணல் இருந்திருக்கும். வாயு கலைந்து காற்று திரும்பி வந்ததும் அது சுவாலையாகிவிட்டது. கடதாசிக்கு வேண்டியது ஊறி உள்ளே இறங்கிக் குளிர்விக்கும் ஒன்று: தண்ணீர் அல்லது நுரை. உங்கள் கிணற்று வாளி சரியான வேலையைத்தான் செய்தது.

10. அச்சுக்கூடத்தாள்

சரி ஐயா, லேபலில் B மட்டும்தான் இருக்கிறது. நாளை அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வடைக்கடைக்காரரே, உங்களுக்குப் பயன்படாத அந்தப் பால்நிறப் பட்டியை எனக்கு விற்பீர்களா?

11. சிவப்புக்குழல்

வாங்குவதற்கு முன்னர் அதன் மின்சார வாக்கியத்தை வாசியுங்கள். தண்ணீர் கலந்த கருவிகளில் சில மட்டும் 35000 வோல்ற்றில் பரிசோதிக்கப்பட்டு, 1 மீற்றர் தூரத்திலிருந்து பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு வருகின்றன. அப்படி எழுதியிருந்தாலும், தவறுதலாக இயந்திரத்தில் பட்டால் காப்பாற்றுவதற்குத்தான் அது. அதை நம்பி இயந்திரத்தின் மேல் அடிக்கக் கூடாது. கடதாசி அடுக்கும் பக்கத்தில் மாட்டுங்கள்.

12. தென்திசையான்

நாட்டுக்கு நாடு நிறம் மாறும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் நுரை பற்றிச் சொன்னது முழுமையாகப் புரியவில்லை. பெற்றோல் தீயை நுரையால் அணைப்பதைப் பயிற்சியில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெற்றோலும் திரவம், தேங்காய் எண்ணெயும் திரவம். அதிலும் தண்ணீர் இருக்கிறதே, பெற்றோல் ஏன் தெறிக்கவில்லை?

13. சிவப்புக்குழல்

நல்ல கேள்வி. B, F என்று இரண்டு எழுத்துகள் இருப்பதற்குக் காரணமே அதுதான். பெற்றோல் குளிராக இருக்கும்போதே ஆவியாகும். எரிவது அந்த ஆவி. கீழே உள்ள திரவம் அவ்வளவு சூடாக இருப்பதில்லை. ஆகவே நுரை மேலே அமைதியாகப் படர்ந்து ஆவியை மூடிவிடுகிறது. சமையல் எண்ணெய் அப்படியல்ல. அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய் ஏறக்குறைய 340 பாகை செல்சியசைத் தாண்டும்போது, நெருப்புப் பொறி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் கொதிப்பது 100 பாகையில். அதனால்தான் தெறிப்பு. சுவாலையை மட்டும் அணைத்தால், எண்ணெய் இன்னும் அந்தச் சூட்டிலேயே இருப்பதால் காற்றுப் பட்டவுடன் மறுபடி பற்றும்.

ஈர இரசாயனம் இந்த இரண்டையும் சமாளிக்கிறது. அதிலும் தண்ணீர் உண்டு. ஆனால் நீண்ட தண்டின் வழியாக மெல்லிய தூவலாக விழுவதால் எண்ணெயைக் கிளறாது. அதில் கரைந்துள்ள பொற்றாசிய உப்புகள் சூடான எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற படலமாக மேலே படியும். அந்தப் படலம் காற்றைத் தடுக்கும், தூவல் எண்ணெயைக் குளிர்விக்கும். நம் ஊரில் தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் காய்ச்சுகிறார்களே, ஏறக்குறைய அதே வேலை தாச்சிக்குள் நடக்கிறது.

14. தென்திசையான்

புரிந்தது. இருந்தாலும் எங்கள் களஞ்சியசாலைச் சிற்றுண்டிச்சாலையில் உள்ள நுரைத் தீயணைப்பானில் F இருந்ததாக ஒரு ஞாபகம். திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.

15. சிவப்புக்குழல்

இருக்கலாம். F பரிசோதனையிலும் தேறிய நுரைக் கலவைகள் சந்தையில் உண்டு. அதனால்தான் பட்டியை விட எழுத்தை நம்பச் சொல்கிறேன். கடைக்காரரின் நுரையில் அந்த எழுத்து இல்லை. பேச்சு அதோடு முடிந்தது.

16. பழைய ஆய்வுகூடம்

எல்லாம் சரி தம்பிமாரே. கடைக்காரத் தம்பி தாச்சிக்கு என்ன செய்யப் போகிறார்? எங்கள் வீட்டில் எண்ணெய் பற்றினால் அம்மா நனைந்த சாக்கைப் போட்டு மூடுவா.

17. வடைக்கடைக்காரன்

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். ஈர இரசாயனம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? கறுப்பு இப்போது மாடிப்படி அறைக்குள்தான் இருக்கிறது. எடை சரியாக இருக்கிறது, 60 கிராம் மட்டுமே குறைவு. மின்சாரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வாக்கியமும் இருக்கிறது. அறை ஆறடி நீளம், ஆறடி அகலம், எட்டடி உயரம்.

18. சிவப்புக்குழல்

வாங்கும்போது F என்ற எழுத்தையும், தாச்சியில் தீ எரியும் படக்குறியையும், நீண்ட தண்டையும் ஒன்றாகப் பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். F க்கு முன்னால் வரும் எண், பரிசோதனையில் எரித்த எண்ணெயின் லீற்றர் அளவு. உங்கள் 12 லீற்றர்த் தாச்சிக்கு 25F போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டு தாச்சிகள் அருகருகே இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தீ தாவினால் 24 லீற்றர் ஆகிவிடும். நான் என்றால் 75F என்று எழுதியிருக்கும் 6 லீற்றர் அளவை வாங்குவேன். அதைத் தாச்சிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். தீப் பிடித்த பிறகு அதை எடுக்கக் கை நீட்ட முடியாது. குசினிக்குள் நுழையும் கதவோரம் பொருத்தமான இடம்.

ஐயாவின் அம்மா செய்ததன் நோக்கம் சரி, சாக்கு மட்டும் சரியல்ல. நனைந்த சாக்கிலிருந்து வடியும் தண்ணீரும் தண்ணீர்தான். தாச்சியை முழுவதும் மூடும் உலோக மூடி ஒன்றைச் செய்வித்து, கையெட்டும் இடத்தில் வையுங்கள். தீ சிறிதாக இருக்கும்போது வாயுவை நிறுத்தி, மூடியைப் பக்கவாட்டிலிருந்து சறுக்கி மூடி, ஆறும் வரை திறக்காமல் விட்டால் அதுவே பெரும்பாலும் போதும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவே கூடாது.

அறை விடயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறுக்கு ஆறு, எட்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 8 கன மீற்றர். 2 கிலோ காபனீரொட்சைட்டு வெளியே வந்தால் 1 கன மீற்றரைச் சற்றுத் தாண்டும். அதாவது அறைக் காற்றில் எட்டில் ஒரு பங்கு அதுவாகிவிடும். 10 வீதத்தைத் தாண்டினாலே ஓர் ஆள் மயங்கி விழலாம். அதற்கு நிறமும் இல்லை, எச்சரிக்கும் மணமும் இல்லை. ஆகவே சிலிண்டரை அறைக்கு வெளியே, கதவின் கைபிடிப் பக்கத்தில் மாட்டுங்கள். வாசலில் நின்று அடித்துவிட்டு, உள்ளே போகாமல் காற்றோட்டம் வர விடுங்கள்.

19. பனிநிலத்தான்

C பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஒரு கேள்வி: அப்படியென்றால் எரிவாயுச் சிலிண்டர் கசிந்து எரிந்தால் நீலப் பட்டியால் உடனே அணைக்கலாமா?

20. சிவப்புக்குழல்

அணைக்க முடியும், அணைக்கலாமா என்பது வேறு. ரெகுலேற்றரை மூட முடியாத நிலையில் சுவாலையை மட்டும் அணைத்தால், வாயு எரியாமல் தரையோடு பரவி எங்கோ ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். மூட முடிந்தால் முதலில் மூடுங்கள்; தீ தானாகவே அணையும். மூட முடியாவிட்டால் ஆட்களை வெளியேற்றிவிட்டு மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்கோ உங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர்களுக்கோ அறிவியுங்கள்.

21. வடைக்கடைக்காரன்

கறுப்பை வெளியே மாற்றிவிட்டேன். நுரையின் லேபலில் 1 மீற்றர் வாக்கியம் இருக்கிறது. நாளை கொக்குவிலுக்குப் போகிறது. ஈர இரசாயனத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும் வரை தாச்சி அடுப்பில் ஏறாது.

ஆனால் இன்று நீலப் பட்டியைத் துடைத்தபோது ஒன்றைக் கண்டேன். ABC என்று இருக்கும் லேபலின் ஒரு மூலை உரிந்திருக்கிறது. அதன் கீழே இன்னொரு லேபல். தெரியும் பகுதியில் எரிபொருள் கலனின் படக்குறியும் அதற்குப் பக்கத்தில் எரிவாயுவின் படக்குறியும் இருக்கின்றன. விறகின் படக்குறி அவற்றோடு இருந்ததாகத் தெரியவில்லை. படம் இணைத்திருக்கிறேன். அமுக்கமானியின் முள் பச்சையில்தான் நிற்கிறது.

22. சிவப்புக்குழல்

இதைத்தான் இரண்டாம் கைப் பொருளில் அஞ்ச வேண்டும். நீலப் பட்டி உள்ளே தூள் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எந்தத் தூள் என்று சொல்லாது. A இல்லாத BC தூளும் அதே நீலப் பட்டியோடுதான் வரும். அது விறகு, கடதாசித் தணலை அடக்காது. யாரோ BC சிலிண்டரில் ABC தூளை முறையாக நிரப்பி லேபலை மாற்றியிருக்கலாம். லேபலை மட்டும் மாற்றியிருக்கலாம். பழைய தூளைத் துப்பரவாக எடுக்காமல் புதியதைக் கொட்டியிருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று தாக்கமுற்றுக் கட்டிபட்டிருக்கவும் கூடும். பச்சையில் நிற்கும் முள் அமுக்கத்தை மட்டும் காட்டுகிறது. கீழே தூள் கல்லாக இறுகியிருந்தாலும் அது பச்சையில்தான் நிற்கும்.

இதைப் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க என்னால் முடியாது. அமுக்கத்தை முறையாக வெளியேற்றி, திறந்து, தூளைப் பார்க்க வேண்டும். நீங்களே திறக்காதீர்கள்.

23. வடைக்கடைக்காரன்

நிரப்பும் இடத்தில் ஒப்படைத்துவிட்டேன் அண்ணா. புதன்கிழமை திறந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார். அது நிறைய இருப்பதாலா, இறுகியதாலா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பார்த்த பிறகு இங்கே எழுதுகிறேன்.